206 எம்.பி. பிபிடியும் 0.3 மி.மீ. விரிசலும்

மக்களே, டீம்ல எல்லாரோட ஸ்லைடையும் ஒண்ணா சேர்த்து அப்லோட் பண்ற ஆள் நீங்கதானா? அப்போ இது உங்களுக்காகத்தான். எங்க டீம்ல அந்த ஆள் நான்.

எங்களோடது சிவில் ப்ராஜெக்ட். ஒரு பழைய கட்டடத்தோட பீம்கள்ல இருக்கிற விரிசல்களைப் போட்டோ எடுத்து, அளந்து, வகைப்படுத்துறதுதான் வேலை. நாலு பேர், 30 ஸ்லைடு, 41 போட்டோ. எல்லாத்தையும் சேர்த்து சேவ் பண்ணினா ஃபைல் 206 எம்.பி. நாங்க அப்லோட் பண்ண வேண்டிய போர்ட்டலோ 20 எம்.பி.க்கு மேல வாங்காது. அந்த வரம்பு இல்லேன்னாலும் சிக்கல்தான். ஹாட்ஸ்பாட்ல அப்லோட் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்னு வைங்க. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதனால 206 எம்.பி. போய்ச் சேர கிட்டத்தட்ட 14 நிமிஷம் ஆகும். நடுவுல நெட் போனா பெரும்பாலும் மறுபடி முதல்ல இருந்துதான்.

"ஜிப் பண்ணி அனுப்பிடலாம்டா"ன்னு டீம்ல ஒருத்தன் சொன்னான். பண்ணிப் பார்த்தோம், அளவு குறையவே இல்லை. காரணம் சிம்பிள்: `.pptx` ஃபைலே ஒரு ஜிப்தான். அதுக்குள்ள இருக்கிற ஜேபெக் போட்டோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிஞ்ச துணியை மறுபடி பிழியுற கதைதான்.

ஆனா அது ஜிப்ங்கிற விஷயம் வேற விதத்துல உதவும். ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியோட பெயர் கடைசியில `.pptx`க்குப் பதிலா `.zip`னு மாத்தித் திறங்க. உள்ளே `ppt` ஃபோல்டர், அதுக்குள்ள `media` ஃபோல்டர். உங்க படங்கள் எல்லாம் அங்கதான் வரிசையா இருக்கும். அளவு வாரியா அடுக்கிப் பார்த்தா, எடை எங்க இருக்குன்னு உடனே தெரிஞ்சிடும். எங்க ஃபைல்ல 38 ஜேபெக் போட்டோ, ஒவ்வொண்ணும் சுமார் 4 எம்.பி. அதோட 3 பி.என்.ஜி. படம், ஒவ்வொண்ணும் சுமார் 18 எம்.பி. எழுத்தும் கிராஃபும் சேர்ந்தாலும் அரை எம்.பி.தான்.

இங்க ஒரு விஷயம் புரியணும். ஸ்லைடுல போட்டோவோட மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக்கினா, கண்ணுக்குத்தான் அது சின்னது. ஃபைலுக்குள்ள முழுப் படமும் அப்படியே இருக்கும். கிராப் பண்ணினாலும் அதே கதைதான், வெட்டின பகுதி மறைஞ்சிருக்குமே தவிர போயிருக்காது. நம்ம போன் போட்டோ 4000 பிக்சல் அகலம். அகல ஸ்லைடு ஒண்ணு 13.33 அங்குலம். அங்குலத்துக்கு 150 பிக்சல் வெச்சா முழு ஸ்லைடுக்கே 2000 பிக்சல் போதும். ஹால் புரொஜெக்டர் 1920 பிக்சல் காட்டுற ரகமா இருந்தா, அதுக்கு மேல கொடுக்கிறது எதுவும் திரைக்கு வந்து சேரவே சேராது. பாதி ஸ்லைடை நிரப்புற படத்துக்கு 1000 பிக்சல் போதும்.

இதைச் செய்ய பவர்பாயிண்ட்லயே வழி இருக்கு. ஏதாவது ஒரு போட்டோவைத் தொட்டு `Picture Format` போங்க, அங்க `Compress Pictures`. `Apply only to this picture` டிக்கை எடுத்துடுங்க, அப்பதான் எல்லாப் படத்துக்கும் சேரும். `Delete cropped areas of pictures` டிக் இருக்கட்டும். கீழே `150 ppi` தேர்வு பண்ணி, வேற பேர்ல சேவ் பண்ணுங்க. ஒரிஜினலைத் தொடாதீங்க, ஏன்னா சேவ் பண்ணி மூடின பிறகு போன பிக்சல் திரும்பி வராது.

ஆனா எங்க ப்ராஜெக்ட்ல இந்தப் பட்டனை உடனே அழுத்த முடியலை. விரிசல் அகலத்துக்கு ஐஎஸ் 456 பொதுவா சொல்ற வரம்பு 0.3 மி.மீ. எங்க ரிவ்யூவே அந்த வரம்பைத் தாண்டினது எது, தாண்டாதது எது என்பதுதான். ஒரு போட்டோவை எடுத்துக்கங்க. பீம்ல 400 மி.மீ. நீளப் பகுதி 4000 பிக்சல்ல பதிவாகியிருக்கு, அதாவது ஒரு பிக்சல் 0.1 மி.மீ. அப்போ 0.3 மி.மீ. விரிசலுக்கு 3 பிக்சல் கிடைக்குது. இந்தப் போட்டோ முழுசா பாதி ஸ்லைடுல உட்கார்ந்திருக்கும்போது `150 ppi` கொடுத்தா 1000 பிக்சலா சுருங்கிடும். இப்ப ஒரு பிக்சல் 0.4 மி.மீ. விரிசல் ஒரு பிக்சலைவிட மெல்லிசு! திரையில அது மங்கலான கறை மாதிரிதான் தெரியும். "எங்கப்பா விரிசல்?"னு எக்ஸாமினர் கேட்டா பதில் இருக்காது.

அதனால வரிசை முக்கியம்: முதல்ல கிராப், அப்புறம்தான் கம்ப்ரஸ். விரிசலும் பக்கத்துல வெச்ச அளவுகோலும் தெரியுற 100 மி.மீ. பகுதியை மட்டும் கிராப் பண்ணி, அதைப் பாதி ஸ்லைடுக்குப் பெருசாக்கினோம். அந்தப் பகுதியில இருக்கிறதே 1000 பிக்சல்தான். `150 ppi`க்குத் தேவையானதும் அதே 1000. அதனால பிக்சல் எண்ணிக்கை குறையலை, விரிசலுக்கு அதே 3 பிக்சல் இருக்கு. தேவையில்லாத சுவர் மட்டும் ஃபைலை விட்டுப் போச்சு. பீம் எங்க இருக்குன்னு காட்ட மட்டும் போட்ட முழுப் போட்டோக்கள் நல்லா சுருங்கட்டும், அதனால நஷ்டமில்லை.

இதுக்கப்புறம் கம்ப்ரஸ் பண்ணினா 206 எம்.பி. 22 எம்.பி.க்கு வந்துது. இன்னும் 2 எம்.பி. அதிகம். இங்கதான் நிறைய பேர் `96 ppi`க்கு இறங்குவாங்க. அவசரப்படாதீங்க, மறுபடி `media` ஃபோல்டரைப் பாருங்க. அந்த 3 பி.என்.ஜி. படமும் சுருங்கின பிறகும் ஆளுக்கு 4 எம்.பி. பிடிச்சிட்டு இருந்துது. மூணுமே முழு ஸ்லைடுக்குப் போட்ட கட்டடத்தோட போட்டோ. போட்டோ வ்யூவர்ல காப்பி பண்ணி ஸ்லைடுல பேஸ்ட் பண்ணினா, ஜேபெக்கா இருந்தது பி.என்.ஜி.யா மாறி உட்கார்ந்துடும். பி.என்.ஜி. எந்தத் தகவலையும் விடாது, அதனால போட்டோவுக்கு அது ரொம்பக் கனம். `Compress Pictures` பிக்சலைக் குறைக்குமே தவிர, பி.என்.ஜி.யை ஜேபெக்கா மாத்தாது.

தீர்வு: அந்தப் படத்தை கட் பண்ணி, `Paste Special` போய் `Picture (JPEG)` கொடுங்க. மூணு படமும் அரை அரை எம்.பி. ஆச்சு. மொத்த ஃபைல் 11.5 எம்.பி. அதே ஹாட்ஸ்பாட்ல 46 நொடி.

கிராஃப், சாஃப்ட்வேர் ஸ்க்ரீன்ஷாட் இதையெல்லாம் மட்டும் ஜேபெக் ஆக்காதீங்க. எழுத்து ஓரத்துல புகை படிஞ்ச மாதிரி ஆகிடும். ஒரே நிறப் பரப்பு அதிகமா இருக்கிற படம் பி.என்.ஜி.யிலேயே சின்னதாத்தான் இருக்கும்.

அப்லோட் பண்றதுக்கு முன்னாடி F5 அழுத்தி முழுத்திரையில ஒருமுறை ஓட்டிடுங்க. எடிட் பண்ற சின்ன விண்டோவுல எல்லாப் படமும் நல்லாத்தான் தெரியும். விரிசல் பக்கத்துல இருக்கிற அளவுகோலோட மி.மீ. கோடுகளை உங்களால எண்ண முடிஞ்சா சப்மிட் கொடுங்க. முடியலேன்னா ஒரிஜினல் ஃபைல் இருக்கே, அந்த ஒரு படத்தை மட்டும் அங்க இருந்து எடுத்து மறுபடி போடுங்க. இன்னும் 8.5 எம்.பி. இடம் பாக்கி இருக்கு!