மூன்று சீல் உள்ள தாள்

எடிசன், நியூ ஜெர்சி



போன வாரம் இங்கே ராத்திரி பதினொரு மணி. பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அவனுடைய எட்டு வருஷ வேலை அனுபவத்தை எடைபோட்டு எம்.பி.ஏ. தருகிறதாம். பரீட்சை கிடையாது. மூன்று லட்சம் கட்டினால் நாற்பது நாளில் கூரியரில் வந்துவிடும். "பொய்யா இருக்காது சித்தப்பா, அக்ரெடிட்டட்னு போட்டிருக்கு. மூணு சீல் இருக்கு. அப்போஸ்டிலும் பண்ணித் தாராங்க."

அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் சொந்தப் பட்டத்தை விட அழகாகத்தான் இருந்தது.

அவன் செய்திருந்த சோதனையையும் சொன்னான். பல்கலைக்கழகத்தின் தளத்தில் அங்கீகாரம் தந்த அமைப்பின் பெயர் இருந்தது. அதைத் தட்டினால் அந்த அமைப்பின் தளம் திறந்தது. அங்கே இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. மாப்பிள்ளையின் நடத்தையை மாப்பிள்ளை சொல்லிவிட்ட ஆளிடமே விசாரித்த கதை. இரண்டு தளங்களையும் ஒரே ஆள் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்திருக்கலாம்.

அமெரிக்காவில் நம் யு.ஜி.சி. மாதிரி ஒன்று இல்லை. கல்லூரிகளைப் பரிசோதித்து அங்கீகாரம் தருபவை தனியார் அமைப்புகள். அந்த அமைப்புகளை மத்திய கல்வித் துறையோ, உயர்கல்வி அங்கீகாரத்துக்கான கவுன்சிலோ ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். 'அங்கீகார அமைப்பு' என்று பலகை மாட்ட யாருக்கும் தடையில்லாததால், பட்டம் விற்பவர்கள் அதையும் தாங்களே நடத்துகிறார்கள். பெயரைக்கூட உண்மையான அமைப்பின் பெயர்போலவே, ஒரு சொல்லை முன்பின்னாக மாற்றி வைப்பார்கள்.

அதனால் மேலேயிருந்து கீழே வர வேண்டும். அவர்கள் தரும் இணைப்பை விட்டுவிட்டு `ope.ed.gov/dapip` என்று நாமே தட்டித் திறந்தால் அது கல்வித் துறையின் பட்டியல், `chea.org` கவுன்சிலுடையது. இரண்டிலும் தேடினேன். அந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, அதற்கு அங்கீகாரம் தந்ததாகச் சொன்ன அமைப்பும் இல்லை. நான்கு நிமிட வேலை. யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் இல்லையே என்று அவன் வாதாடினான். அது இந்தியாவில் இயங்கும் போலிகளின் பட்டியல். அமெரிக்கப் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

அப்போஸ்டில் விஷயத்தில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். 1961 ஹேக் ஒப்பந்தப்படி அந்த முத்திரை உறுதி சொல்வது, தாளில் உள்ள கையெழுத்தும் சீலும் இன்ன அதிகாரியுடையவை என்பதை மட்டும். இங்கே ஒரு நோட்டரி முன்னால் போய் 'இது என் பட்டத்தின் நகல்' என்று கையெழுத்துப் போட்டால், நோட்டரி அந்தக் கையெழுத்துக்குச் சாட்சி. மாநில அரசின் அப்போஸ்டில் அந்த நோட்டரிக்குச் சாட்சி. பட்டத்தை ஒருவரும் படிக்கவில்லை. முத்திரை அசல், தாள் போலி.

வேறொரு நாட்டு அரசின் அங்கீகாரம் என்றாலும் நம்பிவிட முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிலிருந்து செயின்ட் ரீஜிஸ் என்ற பெயரில் ஒரு தம்பதி ஆயிரக்கணக்கில் பட்டம் விற்றார்கள். லைபீரிய அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அந்நாட்டு அங்கீகாரத்தையே வாங்கி வைத்திருந்தார்கள். 2008-இல் இருவருக்கும் மூன்றாண்டு சிறை.

பட்டியல்தான் கடைசி வார்த்தை என்றும் நான் சொல்ல மாட்டேன். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. விசா மோசடியைப் பிடிப்பதற்காகக் குடியேற்றத் துறையே நடத்திய பொறி அது. 2019-இல் வெளியே தெரிந்தபோது சிக்கியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள், அதிலும் தெலுங்குப் பிள்ளைகள் அதிகம். உண்மையான அங்கீகார அமைப்பு ஒன்றே அதன் பெயரைத் தன் பட்டியலில் போட்டிருந்தது. பட்டியலை நம்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அங்கே வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

அதனால் அண்ணன் மகனிடம் இன்னும் ஒன்று கேட்டேன்: பணம் எதற்கு என்று ரசீதில் எழுதியிருக்கிறது? இங்கே உண்மையான கல்லூரிகள் பெரும்பாலும் பாடத்துக்கோ, அதன் கிரெடிட்டுக்கோ, பருவத்துக்கோ கட்டணம் போடும். வேலை அனுபவத்துக்குச் சில கிரெடிட் தருவதும் உண்டு. அதற்குக் கோப்பு தயாரித்து ஆசிரியர் முன் வைக்க வேண்டும், மிச்சப் பாடங்களைப் படித்தே தீர வேண்டும். இவன் ரசீதில் 'எம்.பி.ஏ. ஒன்று' என்று இருந்தது, எண்ணெய்க் கடையில் டின் கணக்குப் போடுவது போல.

முன்பணமாக அறுபதாயிரம் போய்விட்டது. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். தாளின் படம் வேண்டாம். அங்கீகாரம் தந்ததாகச் சொல்லும் அமைப்பின் முழுப் பெயரை மட்டும், எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள்.