சீனி மூடையின் அடக்கம்

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். லாபம் எங்கே வருகிறது என்று கேட்டால், அதிகம் ஓடும் சரக்கைத்தான் எல்லாக் கடைக்காரர்களும் காட்டுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி சீனியைக் காட்டினார். மாதம் இருபது மூடை, அதாவது ஆயிரம் கிலோ. “நம்ம கடை ஓடுறதே சீனியிலதான் தம்பி” என்றார்.

அவர் வாங்குவது கிலோ 42 ரூபாய்க்கு. சில்லறையில் 45. பாதிச் சரக்கு டீக்கடைகளுக்குப் போகிறது, அவர்களுக்கு 43. ஐம்பது கிலோ மூடைக்குச் சில்லறையில் 150, டீக்கடையில் 50. ஆக மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்பது அவர் மனக்கணக்கு.

அடக்க விலை பில்லோடு முடிவதில்லை. ஒரு மூடையை எடுத்துக்கொண்டு, அது வண்டியில் ஏறும் இடத்திலிருந்து வாங்குபவர் கைக்குப் போகும் வரை கூடவே போக வேண்டும். அப்படிப் போனோம். வண்டி வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் மூடைக்கு 25 ரூபாய். இதுவரை மொத்தச் செலவில் எழுதியிருந்தார், எந்தச் சரக்கின் தலையிலும் வைத்ததில்லை. மூடையை நிறுத்துப் பார்த்தோம். சாக்கின் எடை போக 300 கிராம் குறைவு. அது 13 ரூபாய்.

அடுத்தது பொட்டலம். ஒரு மூடை ஏறக்குறைய 120 பொட்டலமாகிறது: 60 கால் கிலோ, 50 அரைக் கிலோ, 10 ஒரு கிலோ. கவர் 40 காசு வீதம் 48 ரூபாய். கட்டி வைத்திருந்ததில் சிலவற்றைத் திரும்ப நிறுத்தால் ஒவ்வொன்றிலும் பத்து கிராம் போல் கூடுதல். தராசில் எண் வேகமாக ஏறும்போது கரண்டி கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்துவிடும். நூற்றிருபது பொட்டலத்தில் அது ஒன்றேகால் கிலோவை நெருங்குகிறது. ஐம்பது ரூபாய்.

கடைசியில் கண்ணில் பட்டது சில்லறை. கால் கிலோ 11.25 ஆக வேண்டும், வாங்குவது 11. அரைக் கிலோ 22.50, வாங்குவது 22. இந்தக் காசுகள் மட்டும் மூடைக்கு 40 ரூபாய். எல்லாம் கூட்டினால் 176. கிடைப்பதோ 150. மூடைக்கு 26 ரூபாய் கைநஷ்டம்.

இந்தக் கணக்கில் கடை வாடகையையும் பையனின் சம்பளத்தையும் நான் சேர்க்கவில்லை. நாளைக்கே சீனி விற்பதை நிறுத்தினாலும் அவை நிற்கப்போவதில்லை. சீனி போனால் கூடவே போகும் செலவு எதுவோ அதை மட்டும்தான் சீனியின் மேல் எழுத வேண்டும். இதைக் கலந்துவிட்டால், நல்ல சரக்கும் நஷ்டமாகத் தெரியும். அதை நிறுத்தியதும் அதன் பங்கு வாடகை அடுத்த சரக்கின் மேல் ஏறி அதையும் நஷ்டமாகக் காட்டும்.

டீக்கடைக் கணக்கு இன்னும் மோசம். அங்கே கவர் இல்லை, பொட்டலம் இல்லை. ஆனால் பணம் வர ஒன்றரை மாதம். அண்ணாச்சி சரக்கு எடுப்பது இரண்டு வட்டிக்கு வாங்கிய பணத்தில். மூடைக்குப் போட்ட 2,100 ரூபாய்க்கு ஒன்றரை மாத வட்டி 63. மிச்சம் 50 ரூபாயை வட்டி ஒன்றே விழுங்கிவிட்டது. வண்டிக்கூலி, எடைக்குறைவு, கொண்டுபோய்ப் போடும் பெட்ரோல் பத்து ரூபாய் எல்லாம் சேர, நஷ்டம் 61. இரண்டு வகையும் பத்துப் பத்து மூடை. இரண்டாயிரம் லாபம் என்று இருந்த இடத்தில் 870 ரூபாய் நஷ்டம்.

அண்ணாச்சி வெகுநேரம் தாளையே பார்த்தார். “அப்ப சீனிய நிறுத்திரவா?”

அதற்குப் பதில் சொல்ல இன்னொரு விவரம் தேவைப்பட்டது. ஒரு வாரம், சீனி வாங்கியவர்கள் கூட என்ன வாங்கினார்கள் என்று சிட்டையில் குறிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் பருப்பு, டீத்தூள், சோப்பு என்று பையை நிரப்பிப் போனார்கள். அவற்றில் மிச்சம் உண்டு. டீக்கடைக்காரர்கள் சீனி தவிர எதையும் தொடவில்லை. ஆகவே சில்லறைச் சீனியை விட முடியாது, கடன் சீனியை அப்படியே வைத்திருக்க முடியாது.

பொட்டலங்களை மதிய வேளையில், கூட்டம் இல்லாதபோது கட்ட ஏற்பாடு செய்தார். பத்து கிராம் கூடுதல் மூன்றாகக் குறைந்தது. அரைக் கிலோவை 23 ஆக்கினார். கால் கிலோவையும் 12 ஆக்கலாம் என்றேன், மறுத்துவிட்டார். “கால் கிலோ வாங்குறது அன்னாடங்காச்சி சனம் தம்பி. அவங்ககிட்ட ஏத்த வேண்டாம்.” அவர் சொன்னதே சரி. அதை விட்டும் மூடைக்கு 59 ரூபாய் நிற்கிறது.

டீக்கடைகளிடம் விலை 44, பணம் வாரம் ஒருமுறை என்றார். சின்னக் கடைகள் ஒத்துக்கொண்டன. அதிகம் எடுத்த பெரிய கடை வேறு இடம் பார்த்துக்கொண்டது. மாத விற்பனை இருபது மூடையிலிருந்து பதினைந்தாக இறங்கிவிட்டது. அந்தக் கடையின் பழைய பாக்கியை அண்ணாச்சி இப்போது தவணையாக வசூலித்துக்கொண்டிருக்கிறார்.