சித்தப்பாவின் 12 சென்ட்



கல்யாணமே செய்துகொள்ளாத எங்கள் சித்தப்பா உயில் எழுதாமல் காலமானார். தாத்தா, பாட்டி இல்லை. உடன்பிறந்த என் அப்பாவும் அத்தையும்கூட முன்பே போய்விட்டார்கள். அவர் சம்பாதித்து வாங்கிய 12 சென்ட் மனை இருந்தது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, அத்தைக்கு மூன்று பேர். "கிளைக்குப் பாதி, உனக்கு 6 சென்ட்" என்றார்கள் ஊரில்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் இப்படி இறந்தால் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசை. ஆணோ பெண்ணோ, தலைக்குச் சம பங்கு. நால்வருக்கும் 3 சென்ட்.

இறந்தவர் கல்யாணமாகாத பெண்ணாக இருந்திருந்தால் கணக்கே வேறு. அவர் சொத்து அவருடைய அப்பாவின் சொத்தைப் போலவே பிரியும். அப்போதுதான் கிளைக்குப் பாதி: எனக்கு 6, அத்தை பிள்ளைகளுக்கு 2 வீதம்.

சித்தப்பாவுக்குக் கடைசிவரை சமைத்துப் போட்டவள் அத்தையின் கடைசி மகள். அவளுக்கும் அதே 3 சென்ட்தான். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. அதை உயில்தான் சொல்ல முடியும். வெள்ளைத்தாள் போதும், எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை.