சான்றிதழ் இருக்கு, அனுமதி எங்கே?

வெள்ளாங்குளத்தில் பெரும்போக நெல்லு வித்த காசு கையில் இருக்கும் நாட்களில்தான் இந்த வட்ஸ்அப் செய்திகளும் கூடுதலாக வருகின்றன. டொலரில் காசு போடுங்கோ, நாங்கள் நாணய வர்த்தகம் செய்து நாளாந்தம் லாபம் தாறம் என்று ஒரு தளம். கூடவே பிரித்தானிய நிதி ஒழுங்குமுறை அதிகாரசபையின் பதிவிலக்கம், கனடாச் சான்றிதழ் ஒன்று, கொழும்பில் பதிந்த ஒரு பிரைவேட் லிமிட்டட் கம்பனியின் பத்திரம். ஒழுங்கையில் இருக்கிற அண்ணை ஒருவர் அதைக் காட்டி, "மூண்டு நாட்டில பதிஞ்சிருக்கிறாங்கள், இனி என்ன?" என்று கேட்டார். நாங்கள் நாலு பேர் அவரோடு இருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம்.

முதலில் கொழும்புப் பத்திரம். அது உண்மைதான். ஆனால் கம்பனிப் பதிவாளர் ஒரு கம்பனி இருக்கிறது என்பதை மட்டும்தான் பதிகிறார். பலசரக்குக் கடைக்கும் அதே பத்திரம்தான். மக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். பங்குத் தரகராக இருக்க பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இரண்டு இடத்துப் பட்டியலும் cbsl.gov.lk, sec.gov.lk தளங்களில் இருக்கின்றன. இரண்டிலும் அந்தப் பெயர் இல்லை.

கனடாச் சான்றிதழும் உண்மையாக இருக்கலாம். அது 'பணச்சேவை வணிகம்' என்ற பதிவு. கறுப்புப் பணம் கைமாறுவதைக் கண்காணிக்கிற அமைப்பு, காசு அனுப்புகிற, மாற்றுகிற கடைகளிடம் கேட்கிற பதிவு அது. முதலீடு வாங்கலாம் என்ற அனுமதி அதற்குள் இல்லை. சைக்கிள் லைசன்ஸைக் காட்டி பஸ் ஓடுகிற மாதிரி.

பிரித்தானிய இலக்கம்தான் எங்களைக் கொஞ்ச நேரம் குழப்பியது. தளத்தில் இருந்த இணைப்பை அழுத்தினால் அழகான பதிவுப் பக்கம் ஒன்று திறக்கும். அதை விட்டுவிட்டு, fca.org.uk என்று நாங்களே தட்டி உள்ளே போய், பதிவேட்டில் இலக்கத்தைத் தேடினோம். கம்பனி இருந்தது, அனுமதியும் இருந்தது. ஆனால் பதிவேட்டில் இருந்த இணைய முகவரி வேறு, தொலைபேசி இலக்கமும் வேறு. நல்ல கம்பனி ஒன்றின் பெயரையும் இலக்கத்தையும் இன்னொருவர் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். பெயரை மட்டும் ஒப்பிட்டிருந்தால் சரி என்றுதான் வந்திருக்கும். முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பேச வேண்டுமென்றால் பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும்.

அண்ணை விடவில்லை. "மச்சான் போன மாசம் காசு எடுத்தவன்." இந்த வாதம்தான் ஊரில் எல்லாரையும் விழுத்துகிறது. சின்னத் தொகையை எடுக்க விடுவது அவர்களுக்கு விளம்பரச் செலவு. 2023 இல் எம்.டி.எஃப்.இ. என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேஷிலும் அப்படித்தான் பரவியது. கனடாவில் பதிந்தது என்று சொல்லிக்கொண்டது. ஆள் சேர்த்தவர்களுக்கு 'சி.ஈ.ஓ.' என்று பட்டம்கூடக் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் காசு எடுப்பது நின்றது. பிறகு கணக்குகளில் மீதி மறை எண்ணில் காட்டியது, அதாவது போட்டவனே கடன்காரன், இன்னும் கட்டு என்றது. திரையில் தெரிந்த லாபம் யாரோ தட்டிய இலக்கம் என்றால், நட்டத்தையும் அதே ஆள் தட்டலாம்தானே.

அதே மாதம் மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியலில் அதன் பெயரைக் கொண்ட பிரைவேட் லிமிட்டட் கம்பனிகளும் இருக்கின்றன. கொழும்புப் பத்திரத்தின் பெறுமதி அவ்வளவுதான்.

கடைசியாக, காசு எங்கே போகிறது என்று பார்த்தோம். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் டிஜிட்டல் நாணயமாக மாற்றித் தளத்துக்கு அனுப்புவாராம். உண்மையான பங்குத் தரகரிடம் போனால் காசு தரகுக் கம்பனியின் பெயருக்குப் போகும். வாங்கிய பங்கு மத்திய வைப்புத் திட்டத்தில் எங்கள் பெயரிலேயே பதிவாகும், தரகர் கடையைப் பூட்டினாலும் அது அங்கே கிடக்கும். இங்கே எங்கள் பெயரில் கிடப்பது அந்தத் தளத்தின் ஒரு கடவுச்சொல் மட்டும். இதைவிட, மறைநாணயத் திட்டம் நடத்த எவருக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி பல தடவை சொல்லியிருக்கிறது. ஆகவே அதை வைத்து "இலங்கையில் அனுமதி பெற்றது" என்று ஒரு தளம் சொன்னால், மேலே சொன்ன தேடலில் பாதி தேவையே இல்லை.

"தடைப் பட்டியலில இந்தப் பேர் இல்லையே" என்றார் அண்ணை. இல்லைத்தான். எம்.டி.எஃப்.இ.யும் அதில் ஏறும்போது நிறையப் பேரின் காசு உள்ளே போய்விட்டது. முறைப்பாடு வந்து, விசாரித்து, பிறகுதான் அதில் பெயர் ஏறும். தளத்தின் பெயரை மாற்ற ஒரு நாள் போதும். அதனால் நாங்கள் தடைப் பட்டியலைக் கடைசியாகத்தான் பார்த்தோம், அனுமதிப் பட்டியலை முதலில்.