ஸ்பியர்மின்ட் டீ குடித்தும் முடி குறையவில்லையே!

பி.சி.ஓ.எஸ் இருக்கும் அந்த 26 வயதுப் பெண்ணுக்குத் தாடையில் முளைக்கும் முடிதான் பெரிய கவலை. காலையும் மாலையும் ஸ்பியர்மின்ட் டீ குடித்தார். ஒரு மாதம் ஆகியும் முடி அப்படியே இருந்தது. ‘எல்லாம் பொய்’ என்று சலித்துக்கொண்டார்.

“முழுக்கப் பொய் இல்லைம்மா” என்றார் மகப்பேறு மருத்துவர். 2010-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 42 பெண்கள் கலந்துகொண்டார்கள். 30 நாள்கள் தினமும் இரண்டு வேளை இந்த டீ குடித்தவர்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஆனால், மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது முடி குறையவில்லை. முளைத்த முடி உதிர்ந்து, அடுத்தது வளரவே பல மாதங்கள் ஆகும். அதனால் ஹார்மோனில் வரும் மாற்றம் ஒரு மாதத்தில் முகத்தில் தெரியாது.

அடுத்து பட்டைப்பொடியையும் வெந்தயத்தையும் பற்றிக் கேட்டார். இரண்டும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடித்த காசியா பட்டையில் கூமரின் அதிகம். தினமும் நிறைய சாப்பிட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தினமும் வெந்தயம் சாப்பிட வேண்டும். கர்ப்பமானால் சமையலில் சேர்க்கும் அளவைத் தாண்டக் கூடாது.

“கடைசி பீரியட்ஸ் எப்போ?” என்று மருத்துவர் கேட்டபோதுதான், நான்கு மாதங்கள் ஆகிவிட்டதை அவர் சொன்னார். டீ சரிசெய்துவிடும் என்று காத்திருந்தாராம். மூன்று மாதங்களுக்கு மேல் வராமலிருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். அன்றே ஸ்கேன் எடுத்து, மாத்திரை தொடங்கினார்கள். டீயை மருத்துவர் நிறுத்தச் சொல்லவில்லை.