பாலிசிக்குள் மறைந்திருக்கும் வட்டி

பிறந்த ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மவர் இல்லங்களில், ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றேனும் இல்லாத இல்லம் அபூர்வம். பெரும்பாலும் அது எண்டோமெண்ட் பாலிசியாகவே இருக்கும். பாலிசிதாரர் இடையில் காலமானால் குடும்பத்தாருக்கும், கெடு முடியும்வரை இருந்தால் அவருக்கே திரும்பவும் பணம் தருவது அது. அதை எடுத்துச் சொல்ல வரும் ஏஜெண்டும் நம்மவராகவே இருப்பார். “மொத்தம் அஞ்சு லட்சம் கட்டுவீங்க, முடிவிலே ஒன்பது லட்சத்துக்கு மேலே வாங்குவீங்க” என்பார். அவர் கூறுவதில் பொய்யில்லை. ஆயினும், அப்பணம் ஆண்டுக்கு நூற்றுக்கு என்ன வட்டி ஈட்டுகிறது என்ற ஒரு செய்தி மட்டும் அவர் பேச்சில் இடம் பெறுவதில்லை. அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் பாலிசியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாவதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கியுள்ளோம். காப்புத் தொகை 5,00,000 ரூபாய். கெடு 20 ஆண்டுகள். ஒவ்வோராண்டின் தொடக்கத்திலும் செலுத்தும் பிரிமியம் 25,000 ரூபாய். போனஸ், காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 44 ரூபாய் வீதம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. அதே வீதம் இறுதிவரை நீடிக்குமாயின் ஆண்டுக்கு 22,000 ஆக, இருபது ஆண்டுகளில் 4,40,000 சேரும். முதிர்வில் கைக்கு வருவது 9,40,000 ரூபாய்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதலாண்டு அறிவித்த 22,000 ரூபாய் போனஸ் அன்றே கைக்கு வருவதில்லை. அதன்மேல் வட்டியும் ஏறுவதில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அப்படியே கிடந்து, முதிர்வில் அதே 22,000 ஆகவே வருகிறது. ஆதலால் “ஆயிரத்துக்கு 44” என்பதை வங்கி வட்டியைப் போல் கருதுவதற்கில்லை.

பலர் செய்யும் கணக்குகள் இரண்டு. செலுத்தியது ஐந்து லட்சம், லாபம் 4,40,000, அது நூற்றுக்கு 88, இருபதால் வகுத்தால் 4.4 என்பது ஒன்று. எல்லாப் பணமும் இருபது ஆண்டுகள் அங்கே இருந்ததாக இது கொள்கிறது. உண்மையில் முதல் பிரிமியம் இருபது ஆண்டுகளும், கடைசிப் பிரிமியம் ஓராண்டும் மட்டுமே இருந்தன. சராசரி பத்தரை ஆண்டுகள். ஆகவே இக்கணக்கு வட்டியைக் குறைத்துக் காட்டுகிறது. பத்தரையால் வகுத்து 8.4 என்பார் மற்றொருவர். இது வட்டிக்கு வட்டியை மறந்து, மிகுத்துக் காட்டுகிறது.

சரியான வழி யாதெனில், பாலிசியை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பாவிப்பதே. இருபது ஆண்டுகளின் தொடக்கத்திலும் 25,000 வெளியே செல்கிறது. இருபதாம் ஆண்டின் முடிவில் 9,40,000 உள்ளே வருகிறது. இதே தொகைகளை, இதே நாட்களில், ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் என்ன வட்டி கொடுத்தால் முடிவில் இதே 9,40,000 வரும் என்று கேட்கிறோம். ஆண்டுதோறும் கூட்டு வட்டி 5 வீதமாயின் ஏறத்தாழ 8,68,000 ஆகும். 6 வீதமாயின் ஏறத்தாழ 9,75,000 ஆகும். நம் தொகை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. விடை ஏறத்தாழ 5.7 வீதம். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர், எக்செல் தாளில் B1 முதல் B20 வரை -25000 என்றும், B21-இல் 940000 என்றும் நிரப்பி, வேறொரு கட்டத்தில் `=IRR(B1:B21)` என்று எழுதினால் இதே விடை வரும். பிரிமியத்தோடு வரியும் செலுத்தியிருந்தால் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த 5.7-ஐக் கண்டு பாலிசியை உடனே பழிப்பதும் நியாயமன்று. இருபது ஆண்டுகள் குடும்பத்துக்குக் காப்பு இருந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. அதே ஐந்து லட்சத்துக்குக் காப்பு மட்டும் தரும் டெர்ம் பாலிசிக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் ஆகுமெனக் கொண்டால், சேமிப்பாகச் சென்றது 23,500 மட்டுமே. அதன்படி வட்டி ஏறத்தாழ 6.2 வீதமாகிறது. பொதுச் சேமநல நிதிக்கு, அதாவது பி.பி.எஃபுக்கு, 2020 ஏப்ரலில் நிர்ணயித்த வட்டி 7.1 வீதம். ஆண்டுக்கு 23,500-ஐ அவ்வட்டியில் இருபது ஆண்டுகள் இட்டால் 10,43,000 ரூபாய் வரும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு.

மேற்சொன்ன அன்பர் 5.7 என்ற விடையைத் தாமே கண்டுபிடித்துவிட்டார். அப்போது அவர் பத்துப் பிரிமியம் செலுத்தி, பதினோராவதற்குக் காத்திருந்தார். “இதைச் சரண்டர் பண்ணிட்டு, வர்ற பணத்தை வேறே எதிலாவது போட்டுடலாம்னு இருக்கேன், ஸார்” என்றார். கணக்கு சரியானதே, ஆனால் அது அவருடைய கேள்விக்கு விடையன்று. 5.7 என்பது முதல் நாளில் பாலிசி எடுக்கலாமா என்று எண்ணுகிறவருக்கு உரிய விடை. பத்தாண்டுகள் கடந்து நிற்பவர் கேட்க வேண்டியது, இனிமேல் செல்லும் பணம் என்ன, இனிமேல் வரும் பணம் என்ன என்பதே.

கிளை அலுவலகத்தில் விசாரித்தபோது சரண்டர் மதிப்பு 1,90,000 ரூபாய் என்றார்கள். அவர் செலுத்தியதோ இரண்டரை லட்சம். ஏஜெண்டின் கமிஷனும் பிற செலவுகளும் தொடக்க ஆண்டுகளிலேயே மிகுதியாகக் கழிக்கப்படுகின்றன. இடையில் விலகுவோருக்கான தொகையும் கெடுவுக்கு ஏற்பக் குறைக்கப்படுகிறது. அந்த நஷ்டம் விலகும் நாளில்தான் கைக்கு வந்து சேர்கிறது.

இப்போது புதிய கணக்கை எழுதினோம். பாலிசியைத் தொடர்ந்தால், இன்று கிடைக்கக்கூடிய 1,90,000-ஐ விட்டுக்கொடுக்கிறார். அதுவும் ஒரு செலவே. இன்றைய பிரிமியத்தையும் சேர்த்து 2,15,000. பின் ஒன்பது ஆண்டுகள் 25,000 வீதம் செலுத்துகிறார். பத்தாம் ஆண்டின் முடிவில் 9,40,000 பெறுகிறார். இதன் வட்டி 10 வீதத்துக்குச் சற்று மேல்! எடுக்கத் தகாத பாலிசியே, பாதி வழியில் விடத் தகாததாயிற்று.

பிரிமியம் செலுத்த இயலாதவருக்கும் சரண்டர் ஒன்றே வழியன்று. செலுத்துவதை நிறுத்தி, பாலிசியைப் பெய்டப் ஆக்கலாம். அன்பரின் பாலிசியில் காப்புத் தொகையில் பாதியான 2,50,000-ம், சேர்ந்துவிட்ட போனஸ் 2,20,000-ம் ஆக 4,70,000 ரூபாய் கெடு முடிவில் வரும்.

இக்கணக்குக்கு எல்லைகளும் உண்டு. இனி வரும் போனஸுக்கு உத்தரவாதமில்லை. வீதம் குறைந்தால் 10 என்பதும் குறையும். ஆகவே ஆயிரத்துக்கு 44-க்குப் பதில் 35 என்று வைத்தும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். முதிர்வில் 45,000 குறைந்தும், வட்டி 9 வீதத்துக்கு மேலேயே நின்றது. மேலும் இது பத்தாம் ஆண்டின் விடை. இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன பாலிசிக்கு விடை மாறலாம். சரண்டர் மதிப்பைத் தரும் விதிகளும் பாலிசிக்குப் பாலிசி வேறு. தம் பாலிசியின் எண்களைக் கொண்டே ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். கிளையில் கேட்டறிய வேண்டியவை இரண்டே: இன்றைய சரண்டர் மதிப்பு, இதுவரை சேர்ந்த போனஸ்.

அன்பர் பதினோராவது பிரிமியத்தைச் செலுத்திவிட்டார். மகளின் பெயரில் அதேபோன்ற புதிய பாலிசி ஒன்று எடுக்குமாறு ஏஜெண்டு கொண்டுவந்த விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்திடவில்லை. அதற்கு உரிய விடை 5.7 அல்லவா?