ஐ.ஜே.பி. மெயிலும் அப்பாவின் அட்வான்ஸ் காப்பியும்

ராத்திரி ஷிப்ட் முடிச்சு ஆபீஸ் கேப் என்னை காசிமேட்டுல இறக்கி விடும்போது மணி நாலு ஆகிடும். ஹார்பர்ல மீன் ஏலம் களைகட்டி இருக்கும். ஊரே வேலைக்குக் கிளம்புற நேரத்துல நான் மட்டும் பேக்கை மாட்டிக்கிட்டு தூங்கப் போவேன். எல்-2 சப்போர்ட், அமெரிக்க கிளையன்ட். ரெண்டரை வருஷமா இதே ஆணி.

இப்படி இருந்தப்பதான், 2025 மார்ச் 10-ம் தேதி திங்கட்கிழமை அந்த மெயில் வந்துச்சு. ஐ.ஜே.பி., அதாவது இன்டர்னல் ஜாப் போஸ்டிங். வேற டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு, வெளியாளை எடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறவங்க யாராவது வர்றீங்களான்னு கேக்குற மெயில். பாதிப் பேர் திறக்காமலே டெலிட் பண்ற ஜாதி. நானும் அப்படித்தான். ஆனா இதுல ஜாவா டெவலப்பர், பகல் ஷிப்ட்னு போட்டிருந்துச்சு. தூக்கம் கலைஞ்சு போச்சு.

தகுதின்னு அஞ்சு வரி. இப்போ இருக்கற ரோல்ல 18 மாசம் முடிச்சிருக்கணும். கடைசி அப்ரைசல்ல அஞ்சுக்கு மூணாவது வாங்கியிருக்கணும். பி.ஐ.பி.ல (வேலை சரியில்லைன்னு எச்சரிச்சு கண்காணிப்புல வைப்பாங்களே, அது) இருக்கக் கூடாது. அதே கிரேடா இருக்கணும். மேனேஜருக்குத் தெரிவிக்கணும். கீழே போர்ட்டல்ல அப்ளை பண்ண வேண்டிய கடைசி தேதி, மார்ச் 21. அதுக்கும் கீழே சின்னதா இன்னொரு வரி: தேர்வானவர் 60 நாளுக்குள் விடுவிக்கப்படுவார், வேலைத் தேவையைப் பொறுத்து.

18 மாசம் படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. எங்க ஏரியா விசைப்படகுக்குக் கூட வருஷத்துக்கு 61 நாள்தான் தடைக்காலம். நமக்கு ஒன்றரை வருஷம்! பரவாயில்ல, நான் 2022 நவம்பர்ல இருந்து இதே சீட்டைத் தேய்க்கிறேனேன்னு தெம்பா பட்டனை அமுக்கினா, சர்வீஸ் போதாதுன்னு போர்ட்டல் திருப்பி அடிச்சிடுச்சு.

தோண்டிப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது. 2024 ஏப்ரல்ல கிளையன்ட் ஒப்பந்தம் புதுப்பிச்சப்போ எங்க எல்லாரையும் பழைய புராஜெக்ட் கோட்ல இருந்து புதுசுக்கு மாத்தியிருக்காங்க. அதே சீட்டு, அதே டிக்கெட்டு, அதே டேமேஜர். ஆனா சிஸ்டத்துல 'இப்போதைய ரோல் தொடங்கிய தேதி' 1-4-2024. அந்தக் கணக்குல எனக்கு ஒரு வருஷம் கூட ஆகல. இது பல பேருக்கு நடக்குது, ஆனா யாரும் பாக்கறதில்ல. தகுதி இல்லன்னு சொன்னா சரின்னு போயிடறாங்க. ஐ.ஜே.பி. வர்றதுக்கு முன்னாடியே உங்க புரொபைல்ல அந்தத் தேதியைப் பாத்து வைங்க. தப்பா இருந்தா, ரோல் மாறல, கோட் மட்டும்தான் மாறுச்சுன்னு காட்ட பழைய அலொகேஷன் மெயிலும் புது அலொகேஷன் மெயிலும் வெச்சு ஹெச்.ஆருக்கு டிக்கெட் போடணும். எனக்குச் சரியாக நாலு நாள் ஆச்சு. 20-ம் தேதி சாயங்காலம் தேதி மாறுச்சு, 21-ம் தேதி அப்ளை பண்ணேன். ஒரு நாள் தப்பியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

வீட்ல இதைச் சொல்லிப் புலம்பினப்போ அப்பா பேப்பரைக் கீழ வெச்சார். அவர் போர்ட் ட்ரஸ்ட்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு பெரிய துறைமுகத்துல பதவி காலியானா மத்த துறைமுகங்களுக்கும் சர்க்குலர் வரும், டெபுடேஷன்லயோ அப்சார்ப்ஷன்லயோ வர விருப்பம் இருக்கறவங்க மேலதிகாரி வழியா விண்ணப்பிக்கலாம்னு. அந்த விண்ணப்பங்களுக்கு கவரிங் லெட்டர் டைப் அடிச்சே விரல் தேஞ்சவர் எங்கப்பா.

"மேலதிகாரி டேபிள்லயே கெடந்தா இன்னா பண்ணுவ? அதுக்குத்தான் அட்வான்ஸ் காப்பின்னு ஒண்ணு நேரா அனுப்புவாங்க. ஒரிஜினல் பின்னால வரும்" என்றார்.

போர்ட்டல்ல அப்ளை பண்றதே அட்வான்ஸ் காப்பி மாதிரிதான்னு சொன்னேன். தலையாட்டிட்டு, "சரி, ரிலீவ் பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

யாருமே எழுதிக் குடுக்கல. அப்பா விளக்கினதுக்கு அப்புறம்தான் ரெண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் உறைச்சது. அரசாங்க சர்க்குலர்ல விண்ணப்பத்தை அனுப்பும்போதே சர்வீஸ் விவரம், அஞ்சு வருஷ ரிப்போர்ட், விஜிலென்ஸ் கிளியரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் அனுப்பணும். கூடவே, தேர்வானா இவரை உடனே விடுவிப்போம்னும் அந்த ஆபீஸ் உறுதி சொல்லணும்னு கேப்பாங்க. அனுப்பறதா வேணாமான்னு இழுக்கறதெல்லாம் முன்னாடியே முடிஞ்சிடும். நம்ம கம்பெனிகள்ல உல்டா. மேனேஜருக்குச் சும்மா ஒரு தகவல் போகும், இன்டர்வியூ நடக்கும், தேர்வும் ஆகும், அதுக்கப்புறம்தான் விடுவாங்களா மாட்டாங்களான்னு பேச்சே ஆரம்பிக்கும். அந்தச் சின்ன வரியில இருக்கற 'வேலைத் தேவையைப் பொறுத்து' அப்போதான் கண்ணைத் திறக்கும்.

மார்ச் 28 இன்டர்வியூ. புது டீம் மேனேஜர் ஜாவா கேள்வி நாலு கேட்டுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா முதல்ல என்ன பாப்பேன்னு கேட்டார். அதுக்கு அரை மணி நேரம் பேசினேன். ரெண்டரை வருஷ ஆணி அங்கதான் உதவுச்சு. ஏப்ரல் 4 செலக்டட் மெயில்.

அடுத்த நாளே என் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். "உனக்குப் பதில் ஆள் வந்ததும் பாக்கலாம்பா" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. நான் போனா அந்த சீட்டுக்கு கிளையன்ட் தர்ற பில் நிக்கும். இன்னொரு ஆளைப் பிடிச்சு, கிளையன்ட் ஓ.கே. சொல்லி, பழக்கி விடணும். ஆனா 'ஆள் வந்ததும்' என்பது தேதி கிடையாது. புது டீமும் எனக்காக எத்தனை நாள் காத்திருக்கும்? இழுத்துக்கிட்டே போனா அவங்க வெளியிலிருந்து ஆள் எடுத்துப்பாங்க. நானே வேணாம்னு பின்வாங்கினா ஆறு மாசத்துக்கு வேற ஐ.ஜே.பி.க்கு அப்ளை பண்ண முடியாது. (இந்த விதியும் மெயில்ல இல்ல, போர்ட்டல்ல மூலைல ஒளிஞ்சிருந்துச்சு.)

அப்பா சொன்னபடி தேதியை எழுத்துல கேட்டேன். சண்டை போடல. ஏப்ரல் 4-ல இருந்து 60 நாள்னா ஜூன் 3. அந்தத் தேதியைப் போட்டு, நான் பாத்துக்கிற வேலைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணையும் ஷிப்ட்ல யாருக்கு எத்தனை நாள்ல சொல்லிக் குடுப்பேன்னு எழுதி, மூணு வாரத்துல முடியும்னு மேனேஜருக்கு அனுப்பினேன். புது மேனேஜரும் ஹெச்.ஆரும் சிசி. மூணு நாள் பதிலே இல்ல. அப்புறம் ஜூன் கடைசின்னு வந்துச்சு. ஹெச்.ஆர். நடுவுல பேசி ஜூன் 16-ல முடிச்சு வெச்சாங்க. 13 நாள் லேட், போகட்டும், தேதின்னு ஒண்ணு கையில இருக்கே. இதே மெயிலை அப்ளை பண்ற அன்னிக்கே மேனேஜர்கிட்ட பேசி அனுப்பியிருந்தா அந்த ரெண்டு வாரத் தூக்கமும் மிச்சம்.

சம்பளம் ஏறலை. அதே கிரேடுன்னா அதே சம்பளம்தான், நைட் அலவன்ஸ் வேற கட். அப்ரைசல் வருஷத்துல ரெண்டரை மாசம் பழைய மேனேஜர்கிட்ட இருந்ததால, கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த மாசங்களுக்கு ரேட்டிங்கை அவர்கிட்ட எழுதி வாங்கிட்டேன். இதுவும் அப்பா சொன்னதுதான்.

ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குக் கிளம்பிடுச்சு. 16-ம் தேதி காலைல ஏழரைக்கு நானும் டிபன் பாக்ஸோட கிளம்பினேன். அம்மா வாசல்ல நின்னு, "இன்னாடா, இப்பதான் வரியா?" என்று கேட்டாங்க.